கடை வாடகைக்கு நாமே ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? ரிவர்ஸ் சார்ஜ் பில்லைக் கணக்கில் ஏற்றும் முறை

கடையோ குடோனோ வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறீர்கள். உங்களுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது, கட்டட உரிமையாளருக்கு இல்லை. அப்படியானால் அந்த வாடகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். 2024 அக்டோபர் 10 முதல் இதுதான் சட்டம். வழக்கமாக விற்பவர் வரியை வாங்கிக் கட்டுவார். இங்கே வாங்குபவரே கட்டுகிறார். இதுதான் ரிவர்ஸ் சார்ஜ். கணக்குப் பிள்ளைகள் இதைச் சுருக்கமாக ஆர்சிஎம் என்பார்கள்.

எங்கள் ஜவுளிக் கடைக்கு இதை முறைப்படுத்தியபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பில் வேண்டாம், ரிட்டர்னில் போட்டால் போதும் என்றார் ஒருவர். கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் வரவான இன்புட்டில் கழித்துக்கொள்ளலாம், பணம் கட்டவே வேண்டாம் என்றார் இன்னொருவர். இரண்டுமே தவறு. விதிகளைப் படித்து, ஆடிட்டரிடம் கேட்டு, ரிட்டர்னில் போட்டுப் பார்த்துத் தெளிந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை, மாதம் 40,000 ரூபாய் வாடகைக்கு ஒரு குடோன், 2025 ஆகஸ்ட் மாத வாடகை. இந்த ஒரு கணக்கைக் கடைசி வரை கொண்டுபோவோம்.

1. முதலில், இது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

மூன்று கேள்விகள் போதும். கட்டடம் கடை, குடோன், ஆபீஸ் போன்ற வணிகக் கட்டடமா? நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவரா? உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வரி உங்கள் தலையில்.

உரிமையாளர் பதிவு பெற்றவர் என்றால் அவரே 18 சதவீதம் போட்டு பில் தருவார். நீங்கள் அதைச் சாதாரண கொள்முதல் பில் போல ஏற்றினால் முடிந்தது. பில்லில் வரி வாங்காமல், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் அவர் இருந்தால் கவனம் தேவை. காம்போசிஷன்காரரும் பதிவு பெற்றவர்தான். ஆகவே அவரும் வரி வாங்க முடியாது, உங்களுக்கும் ஆர்சிஎம் வராது.

நீங்கள் காம்போசிஷனில் இருந்தாலும் இந்த வாடகை வரி இல்லை. 2025 ஜனவரி 16 முதல் அவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த விலக்கு வணிகக் கட்டட வாடகைக்கு மட்டும். மற்ற ஆர்சிஎம் இனங்களுக்குக் காம்போசிஷன்காரரும் கட்டத்தான் வேண்டும். அதற்கு இன்புட்டும் கிடையாது.

உரிமையாளர் "எனக்கு ஜிஎஸ்டி இல்லை" என்று வாயால் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. ஒரு பான் எண்ணுக்கு எந்த மாநிலத்தில் பதிவு இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். சிலர் வேறொரு தொழிலுக்காகப் பதிவு எடுத்திருப்பார்கள். குடோன் வாடகைக்கும் அது பொருந்தும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒருமுறை தேடி, வரும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நடுவில் அவர் பதிவு எடுத்தால் அந்தத் தேதியிலிருந்து நீங்கள் ஆர்சிஎம் கட்டுவதை நிறுத்த வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் பான் நகல், தனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். இந்தக் கடிதத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆனாலும் பின்னால் அதிகாரி கேள்வி கேட்டால் நம் பக்கம் பேசுவது அதுதான்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது, வாடகை முன்கூட்டியே தர வேண்டுமா, மாதம் முடிந்து தர வேண்டுமா என்பது. வரி எந்த மாதம் விழும் என்பது இதைப் பொறுத்தது. இரண்டாவது, அட்வான்ஸ். திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸுக்கு வரி இல்லை. காலி செய்யும்போது "கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்" என்று பேசி முடிப்பார்கள் அல்லவா, அப்படிக் கழித்த அன்றே அந்தத் தொகை வாடகையாகிவிடும். அதற்கு வரி கட்ட வேண்டும். வங்கியில் பணம் நகராததால் இது கணக்கர் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

3. செல்ஃப் இன்வாய்ஸ் எழுதுங்கள்

உரிமையாளருக்குப் பதிவு இல்லாததால் அவரால் வரி பில் தர முடியாது. அந்த பில்லை வாங்குபவரே தன் பெயரில் தனக்கு எழுதிக்கொள்ள வேண்டும். இதுதான் செல்ஃப் இன்வாய்ஸ். சேவை பெற்ற தேதியிலிருந்து 30 நாளுக்குள் எழுத வேண்டும் என்று 2024 நவம்பர் 1 முதல் விதி இருக்கிறது. நான் சொல்வேன், 30 நாள் காத்திருக்காதீர்கள். மாதத்தின் கடைசித் தேதியிலேயே எழுதிவிடுங்கள். தேதிச் சிக்கல் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கென்று அரசு படிவம் எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. எக்செல்லில் செய்தாலும் சரி, கணக்கு மென்பொருளில் எடுத்தாலும் சரி. நம் கணக்கில் அது இப்படி இருக்கும்:

```
செல்ஃப் இன்வாய்ஸ் எண் : SI/25-26/005
தேதி                  : 31-08-2025
சேவை தந்தவர்          : கட்டட உரிமையாளர் பெயர், முகவரி
                        (ஜிஎஸ்டி பதிவு இல்லை)
சேவை பெற்றவர்         : நம் கடை பெயர், முகவரி, GSTIN
விவரம்                : குடோன் வாடகை, ஆகஸ்ட் 2025
SAC                   : 997212
வழங்கிய இடம்          : தமிழ்நாடு
மதிப்பு               : 40,000
CGST 9%               :  3,600
SGST 9%               :  3,600
ரிவர்ஸ் சார்ஜில் வரி  : ஆம்
கையெழுத்து            : நம் கடை சார்பில்
```

எண் வரிசை தனியாக இருக்கட்டும். விற்பனை பில் வரிசையோடு கலந்தால், விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் பில் எண்களைக் காட்டும்போது குழப்பம் வரும். ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது. 16 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. 'ரிவர்ஸ் சார்ஜில் வரி: ஆம்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இந்த பில்லின் அடையாளமே அதுதான்.

இதோடு இன்னொரு தாளும் உண்டு. உரிமையாளருக்குப் பணம் கொடுக்கும்போது பேமென்ட் வவுச்சர் ஒன்று எழுத வேண்டும். ஏறக்குறைய இதே விவரங்கள்தான், கூடவே கொடுத்த தொகையும் தேதியும். வங்கி ஸ்டேட்மென்டில்தான் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விதி இரண்டையும் கேட்கிறது.

4. எந்த மாதக் கணக்கில் போடுவது?

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. உரிமையாளருக்குப் பணம் கொடுத்த தேதி, செல்ஃப் இன்வாய்ஸ் எழுதிய தேதி, இந்த இரண்டில் எது முந்தையதோ அந்த மாதத்தில் வரி விழும்.

நம் கணக்கில் செல்ஃப் இன்வாய்ஸ் ஆகஸ்ட் 31, வாடகை கொடுத்தது செப்டம்பர் 5. முந்தையது ஆகஸ்ட் 31. ஆகவே வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் ஆகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும், கடைசித் தேதி செப்டம்பர் 20. வாடகையை மாதத் தொடக்கத்தில், ஆகஸ்ட் 5ஆம் தேதியே கொடுத்திருந்தாலும் ஆகஸ்ட் மாதம்தான் வரும். மாதக் கடைசியில் இன்வாய்ஸ் எழுதும் பழக்கம் இருந்தால் இரண்டு வழியிலும் வரி ஒரே மாதத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் மொத்தமாக முன்பணம் கொடுக்கும்போது வருகிறது. ஆறு மாத வாடகை 2,40,000 ரூபாயை மார்ச்சிலேயே கொடுத்தால், முழுத் தொகைக்குமான 43,200 ரூபாய் வரி மார்ச் கணக்கிலேயே விழும். மாதாமாதம் பிரித்துக் கட்டலாம் என்று இருந்தால் வட்டி ஏறும்.

5. கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது

உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியது 40,000 மட்டுமே. 47,200 அல்ல. இது மனதில் நின்றால் மீதி பதிவுகள் தானாக வரும். வரித் தொகை உரிமையாளரின் கணக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. சில உரிமையாளர்கள் ஜிஎஸ்டி பேச்சைக் கேட்டதும் வாடகையோடு வரியையும் சேர்த்துத் தரச் சொல்கிறார்கள். பதிவு இல்லாதவரிடம் கொடுத்த வரி அரசுக்குப் போகாது. நீங்கள் மறுபடியும் கட்ட வேண்டிவரும்.

லெட்ஜர்களைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். வழக்கமான CGST, SGST லெட்ஜர்களில் ஆர்சிஎம் தொகையைக் கலந்துவிட்டால் மாதக் கடைசியில் எதை இன்புட்டில் கழிக்கலாம், எதைப் பணமாகக் கட்ட வேண்டும் என்று பிரிக்க முடியாமல் போகும்.

```
31-08-2025
  வாடகைச் செலவு              பற்று   40,000
     கட்டட உரிமையாளர்          வரவு   40,000

31-08-2025
  RCM CGST இன்புட்            பற்று    3,600
  RCM SGST இன்புட்            பற்று    3,600
     RCM CGST கட்ட வேண்டியது   வரவு    3,600
     RCM SGST கட்ட வேண்டியது   வரவு    3,600

05-09-2025
  கட்டட உரிமையாளர்           பற்று   40,000
     வங்கி                     வரவு   40,000

18-09-2025 (சலான்)
  ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜர்        பற்று    7,200
     வங்கி                     வரவு    7,200

18-09-2025 (3பி தாக்கல்)
  RCM CGST கட்ட வேண்டியது    பற்று    3,600
  RCM SGST கட்ட வேண்டியது    பற்று    3,600
     ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜர்      வரவு    7,200
```

மாதக் கணக்கை மூடியபின் 'கட்ட வேண்டியது' லெட்ஜர் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது மிச்சம் நின்றால், செல்ஃப் இன்வாய்ஸ் எழுதியும் வரி கட்டாத மாதம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். வருடக் கடைசியில் ஆடிட்டர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

6. பணமாகக் கட்டுங்கள், இன்புட்டில் கழிக்க முடியாது

கிரெடிட் லெட்ஜரில் லட்ச ரூபாய் கிடந்தாலும் ஆர்சிஎம் வரியை அதிலிருந்து கட்ட முடியாது. சலான் போட்டு, கேஷ் லெட்ஜரில் பணம் ஏற்றித்தான் கட்ட வேண்டும். கட்டிய அதே தொகையை அதே மாத 3பியிலேயே இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். ஆகஸ்டில் நம் கடையின் விற்பனை வரி CGST 15,000, SGST 15,000. சரக்குக் கொள்முதலில் வந்த இன்புட் ஒவ்வொன்றிலும் 13,000. ஆர்சிஎம் இல்லாவிட்டால் பணமாக 2,000 + 2,000 கட்டுவோம். இப்போது குடோன் வரி 3,600 + 3,600 கட்டாயமாகப் பணமாகப் போகிறது. அதே நேரம் இன்புட் 13,000இலிருந்து 16,600 ஆகிறது. விற்பனை வரி 15,000 முழுவதும் இன்புட்டிலேயே அடைந்து, ஒவ்வொன்றிலும் 1,600 மிச்சமாக அடுத்த மாதத்துக்குப் போகிறது. ஆக, இந்த மாதம் கையிலிருந்து போனது 4,000க்குப் பதில் 7,200. வித்தியாசமான 3,200 எங்கும் தொலையவில்லை, கிரெடிட் லெட்ஜரில் இருக்கிறது.

முழுவதும் வரி உள்ள சரக்கு விற்பவருக்குத்தான் இந்தக் கணக்கு. வரி விலக்குள்ள பொருளையும் விற்றால், அந்த விகிதத்துக்கு இன்புட்டைத் திருப்ப வேண்டும். அந்தப் பகுதி நிஜமான செலவாகிவிடும். விலக்குள்ள பொருள் மட்டுமே போகும் குடோன் என்றால் 7,200 முழுவதும் செலவு. வாடகை பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

7. ரிட்டர்னில் எந்தக் கட்டத்தில் என்ன

ஜிஎஸ்டிஆர்-3பியில் இரண்டு கட்டங்கள். `3.1(d)` என்பது ரிவர்ஸ் சார்ஜ் கொள்முதல். மதிப்பு 40,000, வரி 3,600 + 3,600. இன்புட்டுக்கு `4(A)(3)`. அங்கே அதே 3,600 + 3,600.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. 3பியில் பல கட்டங்கள் தானாகவே நிரம்பி வரும். 3.1(d) கட்டமும் வரும், ஆனால் பதிவு பெற்றவர்கள் ஏற்றிய ஆர்சிஎம் பில்களிலிருந்து மட்டும். நம் உரிமையாளருக்குப் பதிவே இல்லை. நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் அவர் வாடகை எந்தக் காலத்திலும் தெரியாது. ஆகவே தளம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் காட்டும். தானாக வந்ததை நம்பி அப்படியே தாக்கல் செய்பவர்கள் மாதக்கணக்கில் வரியை விட்டுவிடுவது இப்படித்தான். ஆர்சிஎம்மில் வரும் லாரி வாடகைக்கு ஏற்கெனவே ஒரு தொகை அங்கே வந்திருந்தால் இன்னும் ஆபத்து. கட்டம் நிரம்பியிருப்பதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும். வந்த தொகையோடு குடோன் வாடகையைக் கூட்டி எழுத வேண்டும்.

இன்னொன்று, ஆர்சிஎம் இன்புட்டை 'All other ITC' என்ற `4(A)(5)` கட்டத்தில் போட்டுவிடுவது. மொத்தம் சரியாக வரும், வரியும் சரியாக வரும், எச்சரிக்கை எதுவும் உடனே வராது. ஆனால் தளத்தில் இப்போது RCM Liability/ITC Statement என்ற தனி லெட்ஜர் இருக்கிறது. நீங்கள் கட்டிய ஆர்சிஎம் வரியையும் எடுத்த ஆர்சிஎம் இன்புட்டையும் அது மாதாமாதம் ஒப்பிட்டு வைக்கிறது. கட்டம் மாறினால் அங்கே இரண்டும் ஒட்டாது. தாக்கல் முடிந்ததும் ஒருமுறை அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-1இலும் ஒரு வேலை உண்டு. வழங்கிய ஆவணங்களைக் காட்டும் 13ஆம் அட்டவணையில் 'Invoices for inward supply from unregistered person' என்று ஒரு வரி இருக்கும். செல்ஃப் இன்வாய்ஸ் எண்கள் அங்கே போக வேண்டும். பேமென்ட் வவுச்சருக்கும் அதே அட்டவணையில் தனி வரி இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11. அதாவது செல்ஃப் இன்வாய்ஸ் 3பிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

8. சில மாதம் விட்டுப்போயிருந்தால்

விட்ட மாதங்களுக்கு இப்போதே செல்ஃப் இன்வாய்ஸ் எழுதுங்கள். இன்வாய்ஸில் இன்றைய தேதியைப் போடுங்கள். பழைய தேதி போட்டு எழுதாதீர்கள், 13ஆம் அட்டவணையில் எண் வரிசை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த மாத வாடகை என்பதை விவரத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அடுத்த 3பியில் 3.1(d) கட்டத்தில் சேர்த்து வரியைக் கட்டுங்கள்.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இன்றைய தேதியில் இன்வாய்ஸ் எழுதினாலும் வாடகைப் பணம் முன்பே போய்விட்டதால், பணம் கொடுத்த மாதத்திலேயே வரி விழுந்திருக்கும். செப்டம்பர் 20இல் கட்டியிருக்க வேண்டிய 7,200 ரூபாயை நவம்பர் 19இல் தாக்கல் செய்யும் அக்டோபர் 3பியில் கட்டினால் 60 நாள் தாமதம். வட்டி சுமார் 213 ரூபாய். அதையும் பணமாகத்தான் கட்ட வேண்டும். வட்டித் தொகைக்கு இன்புட் கிடையாது. தாமதமாக எழுதிய இன்வாய்ஸுக்கு அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்புட் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். 2024 ஜூன் 26ஆம் தேதியிட்ட 211ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தீர்த்து வைத்திருக்கிறது. பதிவு இல்லாதவரிடமிருந்து பெற்ற ஆர்சிஎம் சேவைக்கு, செல்ஃப் இன்வாய்ஸ் எழுதிய நிதியாண்டுதான் இன்புட் எடுக்கும் காலக்கெடுவுக்குக் கணக்கு. அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை எடுக்கலாம். வட்டியோடு கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சலுகை ஆர்சிஎம்முக்கே உரியது. சாதாரண கொள்முதல் பில்லுக்கு இதை நீட்டாதீர்கள்.

9. லாரி வாடகை பில் வந்தால் இதே முறையா?

இல்லை. லாரி ஆபீஸ் பதிவு பெற்றதாக இருந்து, பில்லில் ரிவர்ஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் செல்ஃப் இன்வாய்ஸ் எழுதக் கூடாது. அவர் பில் எண்ணையும் தேதியையும் வைத்தே ஏற்ற வேண்டும். விகிதம் 5 சதவீதம். பணமாகக் கட்டுவது, 3.1(d), 4(A)(3) எல்லாம் மேலே சொன்னபடியே. அந்த பில் 2பியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும் உங்கள் பொறுப்பு போய்விடாது.

லாரி பில்லில் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். தாங்களே வரி கட்டுவதாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அதை பில்லிலேயே உறுதிமொழியாகப் போடுவார்கள். அது இருந்தால் ஆர்சிஎம் இல்லை. அதைப் படிக்காமல் எல்லா லாரி பில்லுக்கும் 5 சதவீதம் கட்டினால், ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி போகும். பதிவே இல்லாத டிரான்ஸ்போர்ட் எல்ஆர் என்ற சரக்கு ரசீது கொடுத்துச் சரக்கு ஏற்றினால் மறுபடி செல்ஃப் இன்வாய்ஸ் வழிதான்.

செல்ஃப் இன்வாய்ஸ், பேமென்ட் வவுச்சர், வங்கிப் பக்கம், சலான், அந்த மாத 3பி நகல், ஐந்தையும் மாதவாரியாக ஒரே கோப்பில் குத்தி வையுங்கள். ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் இவை உங்களிடம் இருக்க வேண்டும்.